கட்டம் கட்டமாகத் தெரியும் தமிழ்: கோளாறு எங்கே இருக்கிறது?

வாட்ஸ்அப்பில் பிசிறில்லாமல் தெரிந்த ஒரு தமிழ்ச் செய்தியை நகலெடுத்து, அதே போனில் இருக்கும் படம் திருத்தும் செயலியில் ஒட்டுகிறோம். எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. வேறொரு செயலியில் கட்டங்கள் வருவதில்லை. ஆனால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. எக்செல் தாளில் திறந்தால் தமிழே இல்லாமல் தலைப்பாகை வைத்த ஆங்கில எழுத்துகள் வருகின்றன.

இவை எல்லாவற்றையும் நாம் ‘எழுத்து உடைஞ்சு வருது’ என்று ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறோம். அதனால் தீர்வையும் ஒரே இடத்தில் தேடுகிறோம். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறோம். இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு ஃபான்ட்டை இறக்குகிறோம். சிலர் போனையே முழுவதுமாக அழித்து முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பெரும்பாலும் இதற்கெல்லாம் தேவையே இல்லை. கட்டமாகத் தெரிவது ஒரு கோளாறு, கொம்பு பிரிவது இன்னொரு கோளாறு, ஆங்கிலக் குழப்பமாக வருவது மூன்றாவது கோளாறு. எழுத்து எப்படி உடைந்திருக்கிறது என்று பார்த்தாலே, கை வைக்க வேண்டிய இடம் எது என்று தெரிந்துவிடும்.

ஒரு சொல் திரைக்கு வரும் வழி

‘பொங்கல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு இது பொ, ங், க, ல் என்று நான்கு எழுத்து. போனுக்குள் சேமிக்கப்படுவதோ ஏழு எண்கள். யூனிகோடு என்ற உலகப் பொது முறை தமிழின் ஒவ்வோர் அடிப்படைக் குறிக்கும் ஓர் எண் ஒதுக்கியிருக்கிறது. ப என்பதற்கு U+0BAA, ஒகரக் குறிக்கு U+0BCA, புள்ளிக்கு U+0BCD என்று போகும். ‘பொங்கல்’ என்பது ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி என்ற வரிசையில் ஏழு எண்களாக இருக்கிறது. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் இல்லை. அகர வரிசை தவிர்த்த உயிர்மெய்களும் புள்ளி வைத்த மெய்களும் திரையில் காட்டப்படும் நேரத்தில்தான் உருவாகின்றன.

ஆகவே திரையில் ஒரு சொல் தெரிய இரண்டு பேர் வேலை செய்ய வேண்டும். பழைய அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஈய எழுத்துகள் நிறைந்த பெட்டி ஒருபுறம். அவற்றை எடுத்துச் சரியான வரிசையில் அடுக்கும் அச்சுக் கோப்பவர் மறுபுறம். பெட்டியில் எழுத்து இல்லாவிட்டாலும் வேலை நடக்காது. எழுத்து இருந்தும் கோக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டாலும் நடக்காது. கணினியில் அந்தப் பெட்டிதான் எழுத்துரு, நாம் ஃபான்ட் என்று சொல்வது. கோப்பவரின் வேலையைச் செய்வது தனியான ஒரு நிரல். ‘பொ’ என்பதில் கொம்பு ப-வுக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பது அந்த நிரல்தான். குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல் செய்கிறது. விண்டோஸும் ஆப்பிளும் தங்களுக்கென்று சொந்த நிரல்களை வைத்திருக்கின்றன.

ஆங்கிலத்துக்கு இந்தக் கோக்கும் வேலை பெரும்பாலும் தேவைப்படாது. எழுத்துகளை வந்த வரிசையில் அடுக்கினால் போதும். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்த ஒரு செயலி தமிழில் சறுக்குவதற்கு இதுவே முதல் காரணம்.

கட்டம் வந்தால் எழுத்துரு

எண் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் அந்த எண்ணுக்கான வடிவம் எழுத்துருவில் இல்லை. அப்போது எழுத்துரு தன்னிடம் இருக்கும் வெற்றுக் கட்டத்தைக் காட்டும். சிலவற்றில் கட்டத்துக்குள் பெருக்கல் குறியோ கேள்விக்குறியோ இருக்கும். கட்டத்துக்குப் பின்னால் உள்ள செய்தி பத்திரமாக இருக்கிறது. இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. அந்தக் கட்டங்களை நகலெடுத்து வாட்ஸ்அப்பிலோ குரோம் முகவரிப் பட்டையிலோ ஒட்டிப் பாருங்கள். தமிழாக மாறினால் எழுத்தில் குறையில்லை. குறை அந்தச் செயலியின் எழுத்துருவில்.

போனில் தமிழ் எழுத்துரு இருக்கும்போது ஒரு செயலியில் மட்டும் எப்படிக் கட்டம் வருகிறது? பொதுவாக ஒரு செயலி கேட்கும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், போன் தானே தன்னிடமுள்ள தமிழ் எழுத்துருவைத் தேடி எடுத்துப் போட்டுவிடும். ஆண்ட்ராய்டில் அநேகமாக அது Noto Sans Tamil ஆக இருக்கும். ஆனால் சில செயலிகள் போனின் உதவியைக் கேட்பதே இல்லை. அழகுக்காகத் தங்கள் எழுத்துருவைத் தாங்களே கொண்டுவந்து, திரையில் தாங்களே வரைகின்றன. படம், வீடியோ திருத்தும் செயலிகள், விளையாட்டுகள், பில் போடும் மென்பொருள்கள் இந்த வகையில் அதிகம். கொண்டுவந்த எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் கட்டம்தான் மிஞ்சும். இந்த இடத்தில் போனின் சிஸ்டம் எழுத்துருவை என்ன செய்தாலும் பயன் இருக்காது. அந்தச் செயலிக்குள்ளேயே வேறு எழுத்துரு தேர்ந்தெடுக்க முடிகிறதா, தமிழ் எழுத்துருக் கோப்பு ஒன்றைச் சேர்க்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கணினியில் படம் பார்ப்பவர்களுக்கு இதே கதை வி.எல்.சி. பிளேயரில் நடக்கும். தமிழ் வசன வரிகள் கட்டமாக வந்தால் `Tools`, `Preferences` சென்று `Subtitles / OSD` பகுதியில் `Font` என்ற இடத்தில் Nirmala UI என்று மாற்றுங்கள். அதே பக்கத்தில் `Default encoding` என்பதை `UTF-8` ஆக்குங்கள். மாற்றியபின் பிளேயரை மூடித் திறந்தால் வரிகள் தமிழில் வரும்.

இன்னொரு வகைக் கட்டம் உண்டு. பத்தி முழுவதும் நன்றாக இருக்கும். நடுவில் ஓரெழுத்து மட்டும் கட்டமாகும். அது அந்த எழுத்து பிந்திச் சேர்க்கப்பட்டது என்பதற்கான அடையாளம். தமிழ் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், இடம்பெற்றுவிட்டது. ஆனால் ஶ என்ற எழுத்தும் தமிழ்ச் சுழியம் ௦-வும் 2005இல் வந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தன. பழைய நிலக் கணக்குகளிலும் கோயில் கணக்குகளிலும் வரும் முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019இல் வந்த 12.0 பதிப்பில் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. மொத்தம் 51 குறிகள். பழைய எழுத்துரு இருக்கும் கருவியில் இவை கட்டமாகவே தெரியும். சிஸ்டம் அப்டேட் உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இது. கணினியாக இருந்தால் Noto Sans Tamil Supplement என்ற எழுத்துருவை நிறுவினாலும் பின்னக் குறிகள் தெரிய ஆரம்பிக்கும்.

கொம்பு பிரிந்தால் கோக்கும் நிரல்

கட்டம் இல்லை, எல்லா வடிவங்களும் தமிழாகவே இருக்கின்றன, ஆனால் ‘வைகை’ என்று எழுதியதில் சங்கிலிக்கொம்பு வ-வுக்கும் க-வுக்கும் பின்னால் போய் நிற்கிறது. ‘பொங்கல்’ என்பதில் கொம்பும் காலும் ப-வைத் தாண்டி ஒன்றாக ஒட்டி நிற்கின்றன. சில எழுத்துருக்களில் புள்ளியும் எழுத்தின் தலையில் ஏறாமல் பக்கவாட்டில் விழும். எழுத்துரு தன் பங்கைச் செய்துவிட்டது, கோக்கும் நிரல் வேலை செய்யவில்லை என்பதே இதன் பொருள். எண்கள் வந்த வரிசையிலேயே வடிவங்கள் அடுக்கப்பட்டுவிட்டன. இந்த நிலையில் எத்தனை எழுத்துரு மாற்றினாலும் தீராது. ஒவ்வோர் எழுத்துருவிலும் அதே பிழை வேறு அழகில் தெரியும், அவ்வளவுதான்.

புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் கூடவே வந்தால், அது தனியாகக் கவனிக்க வேண்டிய அடையாளம். கொம்போ காலோ புள்ளியோ ஒட்டிக்கொள்ள ஒரு மெய்யெழுத்து வேண்டும். அது கிடைக்காதபோது கோக்கும் நிரல் அந்தப் புள்ளி வட்டத்தை இடத்துக்கு வைக்கும். தட்டச்சில் புள்ளி வைத்த எழுத்தின் மேல் மறுபடி ஒரு குறியைப் போட்டுவிட்டாலும், சொல்லுக்கு நடுவே இடைவெளி விழுந்து குறி தனியானாலும் வட்டம் வரும். இதைப் பிரித்தறிவது சுலபம். ஒரே இடத்தில், எல்லாச் செயலிகளிலும் வட்டம் வந்தால் பிழை தட்டச்சில். அந்த எழுத்தை அழித்துத் திரும்ப அடித்தால் சரியாகிவிடும். ஒரு செயலியில் மட்டும் வந்தால் பிழை செயலியில்.

கோக்கும் நிரலும் மற்ற மென்பொருள்களைப் போல் பிழையோடு வரும், திருத்தப்படும். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களில் செயலிகளை முடக்கியது பலருக்கு நினைவிருக்கலாம். அந்த எழுத்து அடங்கிய செய்தி வந்தாலே செயலி மூடிக்கொண்டது. ஆப்பிள் சில நாட்களில் ஐஓஎஸ் 11.2.6 அப்டேட்டில் அதைச் சரிசெய்தது. எழுத்தைக் காட்டுவது நிரலின் வேலை என்பதால்தான் அதன் பிழை அப்டேட்டில் தீர்கிறது.

ஓர் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும்போது

இரண்டு கோளாறுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும் இடம் டிடிபி மையம். கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ் ஒன்றின் வாசகத்தை ஊர்க்காரர் போனில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மையத்தில் அதை வாட்ஸ்அப் வெப்பில் திறக்கிறார்கள், நன்றாகத் தெரிகிறது. நகலெடுத்து ஃபோட்டோஷாப்பில் ஒட்டுகிறார்கள். அங்கே தேர்வாகியிருப்பது Myriad Pro என்ற ஆங்கில எழுத்துரு. அதில் தமிழ் இல்லாததால் கட்டங்கள் வருகின்றன. சில அமைப்புகளில் ஃபோட்டோஷாப் தானே வேறு எழுத்துருவுக்கு மாறிக்கொள்ளும்; அப்போது கட்டத்தைக் காணாமல் நேரே அடுத்த கோளாறுக்கு வந்துவிடுவோம்.

இப்போது ஒட்டிய வாசகத்தைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை Nirmala UI என்று மாற்றுகிறார்கள். கட்டங்கள் மறைந்து தமிழ் வந்துவிட்டது. ஆனால் ‘கோயில்’ என்பதில் இரட்டைக்கொம்பு க-வுக்குப் பின்னால் நிற்கிறது. பல மையங்களில் இந்தக் கட்டத்தில்தான் ‘யூனிகோடு ஃபோட்டோஷாப்பில் சரிப்படாது’ என்று முடிவுகட்டி, வாசகம் முழுவதையும் பழைய எழுத்துரு ஒன்றில் மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்குகிறார்கள். புதுத் தட்டச்சு என்றால் புதுப் பிழைகளும் வரும். உபயதாரர் பெயரில் ஒரு கால் விடுபட்டாலும் ஊரில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஊர்க்காரர்தான்.

உண்மையில் குறை யூனிகோடில் இல்லை. 2021 வரை வந்த ஃபோட்டோஷாப் பதிப்புகளில் இரண்டு வகைக் கோக்கும் நிரல்கள் இருந்தன. ஒன்று ஆங்கிலத்துக்கும் கிழக்காசிய மொழிகளுக்கும் உரியது. மற்றது இந்திய மொழிகளையும் அரபியையும் கையாளத் தெரிந்தது. முதலாவது தேர்வாகியிருப்பதுதான் பிரச்சினை. அந்தப் பதிப்புகளில் `Edit`, `Preferences`, `Type` சென்றால் `Choose Text Engine Options` என்ற பகுதி இருக்கும். அங்கே `World-Ready Layout` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றிலும் சற்றுப் பழைய பதிப்புகளில் அதே இடத்தில் `Middle Eastern and South Asian` என்று இருக்கும். பிறகு ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து, புதிய கோப்பில் வாசகத்தை ஒட்டினால் கொம்புகள் தம் இடத்துக்கு வந்துவிடும். இண்டிசைன் பயன்படுத்துபவர்கள் `Paragraph` பலகையின் மெனுவில் `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் இன்னும் ஒரு படி இருக்கிறது. அச்சகத்துக்கு அனுப்பும்போது திறந்த கோப்பாக அனுப்பினால், அங்குள்ள கணினியில் அதே எழுத்துரு இல்லாமல் மறுபடி உடையும். பி.டி.எஃப். ஆக மாற்றும்போது எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிக்கப்பட்டுவிடும்; எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். அப்படிச் செய்த பி.டி.எஃப்.-ஐ ஒருமுறை போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

உங்கள் கருவியைச் சோதிக்க ஒரு வரி

எந்தச் செயலியில் சந்தேகம் வருகிறதோ அதில் கீழே உள்ள வரியை ஒட்டிப் பாருங்கள்.

```
பொங்கல் கோயில் வைகை கௌரி பக்ஷி ஸ்ரீ ௦
```

முதல் நான்கு சொற்களில் கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்க வேண்டும். ‘பக்ஷி’யில் க-வும் ஷ-வும் இணைந்து ஒரே வடிவமாக வர வேண்டும், ‘ஸ்ரீ’யும் அப்படியே. கடைசியில் உள்ள சுழியம் கட்டமாகாமல் வட்டமாகத் தெரிய வேண்டும். எல்லாம் கட்டம் என்றால் எழுத்துரு இல்லை. சுழியம் மட்டும் கட்டம் என்றால் எழுத்துரு பழையது. கொம்புகள் பிரிந்தால் கோக்கும் நிரல் இல்லை. இந்த மூன்றில் எது என்று தெரிந்தபின் செட்டிங்ஸுக்குள் போகலாம்.

ஆண்ட்ராய்டு போனில் எல்லாச் செயலிகளிலும் ஒரே நேரத்தில் தமிழ் கெட்டுப்போனால், முதலில் பார்க்க வேண்டியது டிஸ்ப்ளே பகுதியில் உள்ள எழுத்துரு பாணி. தீம் கடைகளில் இறக்கிய அலங்கார எழுத்துருக்கள் சில தமிழைச் சரியாகக் கையாளாதவை. பழையபடி `Default` என்று மாற்றினால் பல போன்களில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகே சிஸ்டம் அப்டேட். ஆண்ட்ராய்டில் அடிப்படை எழுத்துரு சிஸ்டத்தின் பகுதி. பிளே ஸ்டோரில் ‘தமிழ் ஃபான்ட்’ என்ற பெயரில் கிடைக்கும் செயலியை நிறுவுவதால் அது பொதுவாக மாறுவதில்லை.

ஒரு செய்திச் செயலியிலோ வங்கிச் செயலியிலோ சில பக்கங்களில் மட்டும் தமிழ் உடைந்தால், பிளே ஸ்டோரில் Android System WebView, Chrome இரண்டையும் அப்டேட் செய்யுங்கள். பல செயலிகள் தங்கள் பக்கங்களை இணையப் பக்கமாகவே காட்டுகின்றன. அந்த வேலையைச் செய்யும் பகுதி 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் சிஸ்டத்திலிருந்து தனியாக அப்டேட் ஆகிறது. போன் கம்பெனி சிஸ்டம் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட போனிலும் இந்த அப்டேட் இன்னும் சிறிது காலம் கிடைத்துக்கொண்டிருக்கும். அதன் பிறகும் தீராவிட்டால் குறிப்பிட்ட செயலியின் அப்டேட்டைப் பாருங்கள்.

விண்டோஸ் கணினியில் 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் Nirmala UI என்ற எழுத்துரு தமிழைக் கவனித்துக்கொள்கிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து பழகிய Latha விண்டோஸ் 10இல் தானாக வருவதில்லை. Latha-வில் தட்டச்சு செய்த பழைய வேர்டு கோப்பைத் திறந்தால், விண்டோஸ் வேறு எழுத்துருவைப் போட்டுக் காட்டும். எழுத்துகள் உடையாது, ஆனால் வரிகள் நகர்ந்து பக்கக் கணக்கு மாறும். தொடக்க மெனுவில் `Optional features` என்று தேடி, அதில் `Tamil Supplemental Fonts` என்பதைச் சேர்த்தால் Latha-வும் Vijaya-வும் வந்துவிடும். மேக் கணினியில் Tamil MN, Tamil Sangam MN ஆகிய எழுத்துருக்கள் உடன் வருகின்றன. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் வடிவமைத்தவை அவை. லினக்ஸில் தமிழ் காட்டத் தெரிந்த எழுத்துருக்களின் பட்டியலை இந்தக் கட்டளை தரும்.

```
fc-list :lang=ta
```

பட்டியல் வெறுமையாக வந்தால் Noto அல்லது Lohit தமிழ் எழுத்துருவை நிறுவ வேண்டும்.

அப்டேட்டால் தீராத குழப்பங்கள்

எழுத்துருவுக்கும் கோக்கும் நிரலுக்கும் தொடர்பில்லாத மூன்று குழப்பங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அப்டேட் செய்து செய்தே அலுத்துப்போவோம்.

முதலாவது, ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் `à®¤à®®à®¿à®´à¯` என்று வருவது. யூனிகோடு எண்களைக் கோப்பில் எழுதும் UTF-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகப் பதிவாகிறது. படிக்கும் மென்பொருள் அதை ஆங்கிலக் கோப்பு என்று எண்ணி ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாகக் காட்டிவிடுகிறது. `à®` மறுபடி மறுபடி வருவதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம், இதுதான். சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் இரட்டை கிளிக் செய்து திறக்கும்போது இது அதிகம் நேர்கிறது. அப்படித் திறக்காமல், காலித் தாளில் `Data`, `From Text/CSV` வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` என்று வையுங்கள். தமிழ் முழுமையாகத் திரும்பிவிடும். உடைந்து தெரியும் நிலையில் அந்தத் தாளைச் சேமித்துவிடாதீர்கள், மீட்பது கடினமாகிவிடும்.

இரண்டாவது, ‘தமிழ்’ என்பது `jkpo;` என்று தெரிவது. இது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வாசகம். இலங்கையிலும் தமிழ்நாட்டு அச்சகங்களிலும் பாமினியும் அதைப் போன்றவையும் நெடுங்காலமாகப் புழங்குகின்றன. அவற்றில் j என்ற ஆங்கில எழுத்துக்குத் த-வின் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். கொம்பைத் தட்டச்சு செய்பவரே முன்னால் அடித்துவிடுவார் என்பதால் கோக்கும் நிரலே வேண்டாம். பழைய மென்பொருள்களில் இவை நிலைத்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கருவிக்குப் போனால் வெறும் ஆங்கில எழுத்துகளே மிஞ்சும். எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். நிலையான தீர்வு, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் கொடுத்து மாற்றிக்கொள்வது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற TACE16 என்ற குறியீட்டில் உள்ள கோப்புகளும் இதே நிலைமைதான். அதன் எண்கள் யூனிகோடில் பொதுப் பயனுக்கு இல்லாத தனிப்பகுதியில் இருப்பதால், அதற்குரிய எழுத்துரு இல்லாத கருவிகளில் முழுதும் கட்டமாகவே தெரியும். அதையும் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது, `?????` என்று வெறும் கேள்விக்குறிகளாக வருவது. கட்டத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தமிழைச் சேமிக்கத் தெரியாத ஒரு தரவுத்தளம், வந்த ஒவ்வொரு குறியையும் கேள்விக்குறியாக மாற்றிச் சேமித்துவிட்டது. தமிழ் அங்கே இல்லவே இல்லை. எந்த எழுத்துருவாலும் எந்த அப்டேட்டாலும் அது திரும்பாது. மூலத்தில் இருப்பவரிடம் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். உறுப்பினர் பட்டியல், மாணவர் பதிவு போன்றவற்றை ஒரு புது மென்பொருளில் ஏற்றுவதற்கு முன், ஒரே ஒரு தமிழ்ப் பெயரைப் பதிந்து, வெளியே வந்து, திரும்பத் திறந்து பாருங்கள். கேள்விக்குறி வந்தால் மீதியை ஏற்றாதீர்கள்.

செயலியை உருவாக்கியவரிடம் கேட்பது

போன், கணினி, அப்டேட் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு செயலியில் மட்டும் தமிழ் உடைகிறது என்றால், அதைச் சரிசெய்யக்கூடியவர் அதை உருவாக்கியவர் மட்டுமே. ‘உங்கள் செயலியில் தமிழ் வரவில்லை’ என்று ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதினால் அவருக்கு எதுவும் புரியாது. தமிழ் தெரியாத ஒருவருக்குக் கொம்பு இடம் மாறியிருப்பது கண்ணில் படவே படாது. திரையில் ஏதோ எழுத்து இருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பார்.

அவருக்குத் தேவையானவை நான்கு. போனின் மாடலும் சிஸ்டம் பதிப்பும்; செயலியின் பதிப்பு எண்; உடைந்து தெரியும் திரையின் ஸ்கிரீன்ஷாட்; அதே வாசகம் குரோமில் சரியாகத் தெரியும் ஸ்கிரீன்ஷாட். இரண்டையும் அருகருகே வைத்து, மாறியிருக்கும் கொம்பை வட்டமிட்டுக் காட்டுங்கள். வாசகத்தைப் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் ஒட்டுங்கள். அவர் அதைத் தன் கணினியில் போட்டுப் பார்க்க முடியும். கட்டம் என்றால், செயலியுடன் Noto Sans Tamil எழுத்துருவைச் சேர்க்கவோ போனின் எழுத்துருவைப் பயன்படுத்தவோ கேளுங்கள். கொம்பு பிரிந்தால், ஹார்ஃப்பஸ் போன்ற கோக்கும் நிரலைச் சேர்க்கும்படி கேளுங்கள். எழுத்துரு, நிரல் இரண்டுமே விலையில்லாமல் கிடைப்பவை. வணிகச் செயலிகளிலும் பயன்படுத்த உரிமம் அனுமதிக்கிறது.

பதில் உடனே வராமல் போகலாம். சில விளையாட்டுகளிலும் பழைய பில் மென்பொருள்களிலும் எழுத்தை வரையும் பகுதியையே மாற்றி எழுத வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும். அதுவரை, தமிழ் வாசகத்தைச் சரியாகக் காட்டும் வேறொரு செயலியில் எழுதி, பின்னணி இல்லாத படமாகச் சேமித்து, உடைந்த செயலியில் படமாகவே ஒட்டிக்கொள்ளலாம். திருத்த வேண்டுமென்றால் படத்தைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதால், எழுத்து வடிவில் ஒரு நகலைக் குறிப்புச் செயலியில் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். செயலியின் அடுத்த அப்டேட் வந்ததும் மேலே உள்ள சோதனை வரியை அதில் ஒட்டிப் பாருங்கள். ஏழும் சரியாக வந்தால் அன்றிலிருந்து படம் தேவையில்லை. வராவிட்டால், புதிய பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு அதே புகாரை மறுபடி அனுப்புங்கள்.